பொருள் இல்லாத சித்திரம்: இட்டனின் வகுப்பறையும் ஃப்ரீடலின் இரண்டு பெட்டிகளும்

சித்திரப் பாடம் என்றதும் ஆசிரியர்களாகிய நாம் கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதி விடுகிறோம். சந்தை, மழை நாள், எனது வீடு, பொங்கிப் பாயும் ஆறு. எல்லாமே பொருட்கள், அல்லது பொருட்கள் நிறைந்த காட்சிகள். பிள்ளை வரைந்ததும் வீடு வீடாகத் தெரிகிறதா, ஆறு ஆறாகத் தெரிகிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறோம்.

"ஒரு பொருளையும் வரைய வேண்டாம். கனமானதற்கும் இலேசானதற்கும் உள்ள வேறுபாட்டை வரையுங்கள்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இப்படிக் கேட்பது புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறோம். நூறு வருடங்களுக்கு முன்னரே இதை ஒரு பாடத்திட்டமாக ஒழுங்குபடுத்திய ஒருவர் இருந்தார். அவர் முதலில் ஓவியர் அல்லர். எம்மைப் போல ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளியேறிய ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். அவருடைய கதையையும், அவரிடம் படித்த ஒரு பெண் அந்தப் பயிற்சிகளை எங்கே கொண்டு போனார் என்பதையும் இன்று பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

யொஹான்னஸ் இட்டன் 1888இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தார். பேர்ன் நகருக்கு அருகில் இருந்த ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தார். முன்பள்ளிக் கல்வியின் தந்தை என்று நாம் பரீட்சைக்குப் படிக்கும் புரோபலின் முறைகள் அவருக்கு அங்கேயே அறிமுகமாகிவிட்டன. கட்டை, பந்து, நூல் என்று கையில் கொடுத்து, தொட்டும் அடுக்கியும் பிள்ளை தானே கண்டுபிடிக்க விடுவது புரோபலின் வழி. பிறகு ஓவியம் படிக்க ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குச் சென்ற இட்டன், 1916இல் வியன்னாவில் சொந்தமாக ஒரு சித்திரப் பாடசாலையை ஆரம்பித்தார்.

1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற கலைப் பாடசாலை தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் கட்டடக் கலைஞர் வோல்டர் குரோபியஸ். அவர் இட்டனை அங்கு அழைத்தார். முதலாம் உலகப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. வந்த மாணவர்களில் போர்முனையில் இருந்து திரும்பியவர்களும் இருந்தார்கள். பாடசாலையை விட்டு அப்போதுதான் வெளியேறியவர்களும் இருந்தார்கள். ஒருவர் கல்லூரியில் பழைய சிற்பங்களைப் பார்த்து வரைந்து பழகியவர், இன்னொருவர் பென்சிலையே சரியாகப் பிடிக்காதவர். எல்லாரையும் ஒரே இடத்தில் இருந்து தொடங்க வைக்க வேண்டும். அதற்காக இட்டன் வகுத்ததுதான் ஆறு மாத முன்னோடிப் பாடநெறி. விரைவிலேயே அது எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமானது.

அந்தப் பாடநெறியின் அடித்தளம் ஒரு பட்டியல். பெரியது சிறியது, நீண்டது குறுகியது, கூரியது மழுங்கியது, சொரசொரப்பானது வழுவழுப்பானது, அசையாதது அசைவது, பாரமானது இலேசானது, உரத்தது மெதுவானது. இப்படி எதிரெதிர்ச் சோடிகள். இந்தப் பட்டியலில் ஒரு மரமோ ஒரு மனிதனோ இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு சோடியையும் மாணவர் மூன்று வழிகளால் அணுக வேண்டும் என்பது இட்டனின் விதி. முதலில் புலன்களால் அனுபவிக்க வேண்டும். அடுத்து அறிவால் ஆராய்ந்து, இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாகத்தான் அதைக் கையால் செய்து காட்ட வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவுகிறோம். "பொருள் இல்லாமல் வரையச் சொன்னால் பிள்ளைகள் கிறுக்குகிறார்கள்" என்ற முறைப்பாட்டின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பயிற்சியை முழுதாகப் பார்ப்போம். தொடுகை பற்றிய பயிற்சி இது. வியன்னாவிலேயே இட்டன் இதைத் தொடங்கிவிட்டார்.

முதலில் மாணவர்கள் பொருட்களைச் சேகரிக்க வேண்டும். வீட்டின் பழைய பெட்டிகள், சமையலறை, தச்சுப் பட்டறை, குப்பைக் குவியல் எல்லாவற்றையும் கிளறினார்கள். மரச்சீவல், கம்பளி, கண்ணாடி, தகரம், துணித்துண்டு, மரப்பட்டை எல்லாம் வந்து சேர்ந்தன. பிறகு அவற்றை ஒரு நீண்ட வரிசையாக, மிகச் சொரசொரப்பானதில் இருந்து மிக வழுவழுப்பானது வரை, படிப்படியாக ஒட்ட வேண்டும். ஒட்டி முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த வரிசையைத் தடவிச் செல்ல வேண்டும்.

பிழை அந்த இடத்தில்தான் பிடிபடும். கண்ணால் பார்த்து அடுக்கியவர் பளபளப்பானவற்றை எல்லாம் ஒரு பக்கம் வைத்திருப்பார். கண்ணை மூடியதும் விரல் ஓர் இடத்தில் தடுக்கும், ஒரு படி தாண்டிக் குதிக்கும். கண்ணுக்கு அழகாக இருந்த வரிசை கைக்குச் சரியாக இருக்காது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, விரலே சொல்லிவிடும். கொஞ்ச நாள் பழகியதும் மாணவர்களின் தொடுகை உணர்வு வியக்கத்தக்க அளவு கூர்மையானதாக இட்டன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகே தாளும் கரியும் வருகின்றன. முதலில் அந்தப் பொருளைப் பார்த்து அதன் மேற்பரப்பை வரைதல். கடைசியாகப் பொருளை எடுத்து வைத்துவிட்டு, விரலில் எஞ்சியிருக்கும் நினைவை மட்டும் கொண்டு வரைதல். பார்ப்பவருக்கு அது எந்தப் பொருள் என்று தெரியாது. ஆனால் தொட்டால் குத்தும் என்பது தெரியும். பொருள் இல்லாத சித்திரம் என்பது ஒன்றுமே இல்லாத சித்திரம் அல்ல என்பது இங்கே விளங்கும். பொருளின் பெயர் போய்விட்டது, அனுபவம் தங்கிவிட்டது.

லயத்துக்கும் இதே ஒழுங்குதான். வகுப்பு உடற்பயிற்சியோடும் மூச்சுப் பயிற்சியோடும் ஆரம்பமாகும். வட்டம் வரைய வேண்டுமென்றால் முதலில் கையை ஆகாயத்தில் சுழற்ற வேண்டும், பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து, பிறகுதான் தாளில். ஓவியர் போல் க்ளீ 1921 ஜனவரியில் இந்த வகுப்பை நேரில் பார்த்துவிட்டு மனைவிக்குக் கடிதம் எழுதினார். இட்டன் கரியை எடுத்து, உடம்பில் விசையைக் கூட்டி, தாளில் அழுத்தமான கோடுகளை இழுத்துக் காட்டுகிறார். மாணவர்கள் அதைச் செய்து பார்க்கிறார்கள். அவர் நடந்து திருத்துகிறார். பிறகு ஒரு தலைப்புக் கொடுக்கிறார்: புயல். முறிந்த மரமோ பறக்கும் கூரையோ வேண்டியதில்லை. புயலின் வீச்சு கோட்டில் இருக்க வேண்டும். க்ளீக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவும் பட்டது. இதையெல்லாம் ஒரு வகை உடம்புப் பிடிப்புச் சிகிச்சையோடு அவர் ஒப்பிட்டார்.

இட்டனின் இன்னொரு பாடமும் சொல்லத்தக்கது. ஒரு நாள் எலுமிச்சம்பழங்களை வைத்து வரையச் சொன்னார். இவ்வளவு இலகுவான வேலையா என்று மாணவர்களுக்கு மனத்தாங்கல். இரண்டு கோட்டில் வடிவத்தை வரைந்து முடித்துவிட்டார்கள். இட்டன் பழத்தை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். பிறகு, நீங்கள் வரைந்ததில் இந்தப் பழம் இருக்கிறதா என்று கேட்டார். புளித்த முகத்தோடு எல்லாரும் மறுபடி வரையத் தொடங்கினார்கள்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறைக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு. அதுவும் அதே வகுப்பறையில்தான் வெளிப்பட்டது.

பௌஹவுஸில் கற்பித்த ஒஸ்கார் ஷ்லெம்மர் 1921இல் ஒரு கடிதத்தில் இதை விபரிக்கிறார். இட்டன் பழைய ஓவியங்களைத் திரையில் காட்டி, அவற்றில் உள்ள முக்கிய அசைவை மட்டும் வரையச் சொல்வார். அன்று காட்டியது குரூனவால்ட் என்ற பழைய ஜேர்மன் ஓவியர் வரைந்த அழும் பெண்ணின் உருவம். மாணவர்கள் சிரமப்பட்டுக் கோடுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த இட்டன் கொதித்தெழுந்தார். உங்களுக்குக் கலை உணர்வு இருந்தால், உலகத்தின் அழுகையே நிற்கும் இந்த இடத்தில் வரைந்துகொண்டிருக்க மாட்டீர்கள், அழுது கரைந்திருப்பீர்கள் என்ற கருத்தில் ஏசிவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியேறினார்.

உணர்வைத் தலைப்பாகக் கொடுக்கும் ஆசிரியர் விழக்கூடிய குழி இதுதான். சொரசொரப்பை விரலால் சரிபார்க்கலாம். லயத்தைக் காதால் சரிபார்க்கலாம். துக்கத்தை எதனால் சரிபார்ப்பது? "கவலையை வரையுங்கள்" என்று கட்டளையிட்டு, வரைந்தது போதுமான கவலையாக இல்லை என்று கோபிப்பதற்கு எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. கட்டளையிட்டால் பிள்ளைகள் செய்வதும் எமக்குத் தெரிந்ததே. கவலைக்குக் கண்ணீர்த் துளி, அன்புக்கு இதயம், கோபத்துக்கு மின்னல். அவை அடையாளங்கள். பெயரை அழித்துவிட்டு வேறு படம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் துளியைச் சுற்றியுள்ள கோட்டைப் பாருங்கள். இதயத்துக்கும் மின்னலுக்கும் அதே அழுத்தம், அதே வேகம் என்றால் கை எதையும் உணரவில்லை.

பௌஹவுஸிலேயே வேறொரு வகையான சறுக்கலும் நடந்தது. 1922இல் அங்கு சேர்ந்த கண்டின்ஸ்கி, அடுத்த வருடம் ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார். முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றும் வெறும் கோட்டில் வரையப்பட்டிருக்கும். மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் எது எதற்குப் பொருந்தும் என்று நிரப்ப வேண்டும். முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்பது முடிவாயிற்று. அது பௌஹவுஸின் சின்னம் போலவே ஆகிவிட்டது. ஆனால் ஷ்லெம்மர் தலையசைக்கவில்லை. அவருக்கு வட்டம் சிவப்பாகவும் சதுரம் நீலமாகவும் பட்டது. பிற்காலத்தில் உளவியலாளர்கள் சாதாரண மக்களிடம் இதைச் சோதித்தபோதும் கண்டின்ஸ்கியின் விடை பொது விதியாக நிற்கவில்லை. கேள்வியாக இருந்தவரை அது நல்ல பயிற்சி. விடை அச்சடிக்கப்பட்டதும் மனப்பாடம்.

இட்டனின் கடுமையும், மாணவர்களிடையே அவர் பரப்பிய ஒரு சமயக் குழுவின் உணவு, நோன்புப் பழக்கங்களும் குரோபியஸோடு முரண்பாட்டை உண்டாக்கின. 1923இல் அவர் பௌஹவுஸை விட்டு வெளியேறினார். வரலாற்று நூல்கள் பல அந்த இடத்தில் அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். நாம் அவருடைய ஒரு மாணவியைப் பின்தொடர்வோம்.

ஃப்ரீடல் டிக்கர் 1898இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தந்தை ஓர் எழுதுபொருள் கடையில் வேலை செய்தார். வியன்னாவில் இட்டனின் பாடசாலையில் படித்து, அவர் வைமாருக்குப் போனபோது தானும் போனார். ஓவியம், நெசவு, தளபாடம், மேடை அமைப்பு என்று எல்லாம் செய்தார். பிறகு பிராக் நகரில் வாழ்ந்தபோது, ஹிட்லரின் ஜேர்மனியில் இருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். அங்கே அவரோடு வேலை செய்த ஈடித் கிராமர் என்ற இளம்பெண் பின்னர் அமெரிக்கா சென்று, சித்திரத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

1942 டிசெம்பரில் ஃப்ரீடலும் கணவர் பாவெல் பிராண்டைஸும் தெரேசியென்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிராக்கிற்கு வடக்கே உள்ள ஒரு பழைய கோட்டை நகரம் அது. நாசிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். கொண்டு போகக்கூடிய பொதிக்கு அளவு உண்டு. ஃப்ரீடல் அந்த அளவுக்குள் தாளும் வர்ணமும் வைத்துக்கொண்டு போனார்.

முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தடை இருந்தது. பாட்டு, கைவேலை, சித்திரம் போன்றவற்றைக் கண்டும் காணாமல் விட்டார்கள். சிறுமிகள் தங்க வைக்கப்பட்ட விடுதியில் ஃப்ரீடல் வகுப்பெடுத்தார். பசி, நோய், நெரிசல், எந்த நேரத்திலும் கிழக்கே அனுப்பப்படலாம் என்ற பயம். தாள் என்பது பெரும்பாலும் பின்பக்கம் வெறுமையாக இருந்த பழைய அலுவலகப் படிவங்கள். கிழிந்த தாள்களும் ஒட்டுச் சித்திரத்துக்குப் பயன்பட்டன.

இங்கேதான் இட்டனின் பயிற்சிகள் மறுபடி வந்தன. ஃப்ரீடல் வகுப்பை லயப் பயிற்சிகளோடு நடத்தினார். தட்டும் தாளத்துக்கு ஏற்பக் கை அசையும், கோடு வளையும், நிற்கும், மறுபடி ஓடும். தாளில் நிறைந்ததெல்லாம் சுருள்களும் அலைகளும் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளும்தான். 1943இல் முகாமில் இருந்த ஆசிரியர்களுக்குச் சிறுவர் சித்திரம் பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அது எழுத்திலும் எஞ்சியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் ஓவியராக்குவது தன் நோக்கமல்ல, படைக்கும் ஆற்றலையும் சுயமாக இயங்கும் தன்மையையும் விடுவிப்பதே நோக்கம் என்பது அதன் சாரம். ஒழுங்கற்றுக் கலைந்து நிற்கும் ஒரு கூட்டத்தை ஒன்றாக வேலை செய்யும் குழுவாக மாற்றுவதற்கு லயப் பயிற்சிகள் உதவுகின்றன என்றும் அவர் கருதினார். ஓர் அறையில் முப்பது பிள்ளைகள் வரை நெருங்கி வாழ்ந்த இடத்தில் இதன் பெறுமதி என்ன என்று வகுப்பறையில் நிற்கும் எமக்கு விளங்கும்.

இட்டனின் வகுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். வைமாரில் ஆசிரியர் உணர்வைக் கேட்டார், வராதபோது கதவைச் சாத்தினார். தெரேசியென்ஸ்டாட்டில் பிள்ளைகளிடம் துக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டிய தேவையே இல்லை. அது அறை முழுக்க இருந்தது. ஃப்ரீடல் கேட்டது கோட்டை, தாளத்தை, கையில் உள்ள தாளின் சொரசொரப்பை. பிள்ளை தாங்கக்கூடிய சிறிய வேலை அது. அந்த வேலைக்குள் எதை வைப்பது, வைக்காமல் விடுவது என்பது பிள்ளையின் விருப்பம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கு வரையப்பட்ட சித்திரங்களில் பெரும்பகுதி பொருள் இல்லாதவை அல்ல. பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள், மேசையில் சாப்பாடு, விட்டு வந்த வீடு என்று பொருட்கள் நிறையவே உண்டு. லயப் பயிற்சி கையைத் திறந்துவிட்டது. திறந்த கை தனக்கு வேண்டிய பொருளைத் தானே தேடிப் போனது. பொருள் இல்லாத தலைப்பு பொருளுக்கு எதிரி அல்ல. மற்றவர் சொன்ன வீட்டை வரையாமல் தன் வீட்டை வரைவதற்குப் பிள்ளைக்கு அது ஒரு வழி.

ஒவ்வொரு பிள்ளையும் தன் சித்திரத்தில் பெயரை எழுதும் வழக்கத்தையும் ஃப்ரீடல் கடைப்பிடித்தார். முகாமில் மனிதர்கள் போக்குவரத்து இலக்கங்களாகப் பதியப்பட்ட காலம் அது.

1944 இலையுதிர் காலத்தில் கணவர் முதலில் அனுப்பப்பட்டார். ஃப்ரீடல் ஒக்டோபர் 6ஆம் திகதி அவருக்குப் பின்னால் ஒஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். கணவர் போரின் பின்னும் உயிரோடு இருந்தார். ஃப்ரீடலின் மாணவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை.

ஆனால் இரண்டு பெட்டிகள் வந்தன. போர் முடிந்த பின், 1945இல், சிறுமியர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த வில்லி குரோக் அவற்றைப் பிராக்கிற்கு எடுத்து வந்தார். உள்ளே சுமார் 4,500 சித்திரங்கள். இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் நடுவே வெறும் சுருள்களும் அலைகளும் மட்டும் உள்ள தாள்களும் உண்டு. எந்தப் பொருளும் இல்லை, எந்தச் செய்தியும் இல்லை. ஒரு பிள்ளையின் கை அன்று எப்படி அசைந்தது என்பது மட்டும் இருக்கிறது. மூலையில் ஒரு பெயர்.

சித்திரப் பாடத்தில் இப்படி ஒரு தாள் எமது மேசைக்கு வரும்போது, "இது என்ன?" என்று கேட்காமல், "இந்த இடத்தில் ஏன் கையை மெதுவாக்கினாய்?" என்று கேட்டுப் பார்ப்போம். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் ஒரு பதில் இருக்கும்.

பெயரையும் மறக்காமல் எழுதச் சொல்வோம்.